இலைப் படத்தை வைத்துச் செடியைக் கண்டுபிடிப்பது எப்படி: கணுவிலிருந்து தொடங்குங்கள்

யாராவது ஓர் இலையின் படத்தை அனுப்பி "இது என்ன செடி?" என்று கேட்டால், நம் கண் முதலில் போவது இலையின் வடிவத்துக்குத்தான். இதய வடிவமா, ஈட்டி வடிவமா, வட்டமா என்று பார்த்து, நமக்குத் தெரிந்த செடிகளில் எதைப் போல இருக்கிறதோ அந்தப் பெயரைச் சொல்லிவிடுவோம். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. ஒரே வடிவம் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல குடும்பங்களில் வரும். ஒரே மரத்திலேயே இரண்டு மூன்று வடிவங்களும் இருக்கும். முசுக்கொட்டையில் மடல் மடலாகப் பிளந்த இலையும் பிளவே இல்லாத இலையும் ஒரே கிளையில் இருப்பதைப் பார்க்கலாம். பலாவின் இளங்கன்றில் இலை மடல்களாகப் பிளந்திருக்கும்; வளர்ந்த மரத்தில் முழு இலைதான்.

அதனால் வடிவத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, தண்டிலிருந்து வெளியே நோக்கிப் போகும் ஒரு வரிசையில் படத்தைப் பார்க்கச் சொல்கிறேன். முதலில் இலை தண்டில் ஒட்டியிருக்கும் இடம், அதாவது கணு. அப்புறம் இலையின் ஓரம். அதற்கடுத்து நரம்பு. இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. இலைகள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது வெயில், நிழல், வயது, மண் ஆகியவற்றால் அதிகம் மாறாது. விளிம்பு கொஞ்சம் மாறும். அளவும் வடிவமும் நிறைய மாறும். குறைவாக மாறுவதை முதலில் பிடித்துக்கொண்டால், பின்னால் வரும் சந்தேகங்கள் பாதியாகிவிடும்.

எல்லாவற்றுக்கும் முன்: படத்தில் இருப்பது இலையா, சிற்றிலையா?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போனால் மற்ற எல்லாமே தப்பாகும். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

புங்க மரத்தின் ஒரு கொத்தைப் படம் எடுத்தால் என்ன தெரியும்? ஒரு மெல்லிய பச்சைக் காம்பு, அதன் இரு பக்கமும் எதிரெதிராகப் பளபளப்பான "இலைகள்", நுனியில் ஒன்று. புதிதாகப் பார்ப்பவர் "எதிரெதிர் இலைகள், முழு விளிம்பு" என்று குறித்துக்கொள்வார். பிறகு எதிரிலை கொண்ட மரங்களின் பட்டியலில் தேடுவார். அங்கே புங்கம் இருக்காது. ஏனென்றால் அந்த ஐந்தோ ஏழோ "இலைகளும்" சேர்ந்ததுதான் ஓர் இலை. ஒவ்வொன்றும் சிற்றிலை, மொத்தமும் ஒரு கூட்டிலை. அந்தக் கூட்டிலைகள் கிளையில் ஒரு கணுவுக்கு ஒன்றாக, மாறி மாறி ஒட்டியிருக்கும். புங்கம் மாற்றிலை அடுக்கம் கொண்ட மரம்.

இதைப் படத்தில் எப்படிப் பிரித்தறிவது? முதல் அடையாளம் மொட்டு. உண்மையான இலையின் காம்பு தண்டோடு சேரும் இடத்தின் மேல்பக்கம் ஒரு சிறிய மூலை உண்டாகும். அதை இலைக்கோணம் என்பார்கள். அங்கே ஒரு சின்ன மொட்டு இருக்கும். இல்லையென்றால் அந்த மொட்டிலிருந்து கிளம்பிய ஒரு தளிரோ பூவோ காயோ இருக்கும். சிற்றிலையின் அடியில் இது ஒருபோதும் இருக்காது. படத்தை நன்றாகப் பெரிதாக்கி, ஒவ்வொரு காம்பின் அடியிலும் மொட்டைத் தேடுங்கள். மொட்டு எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் இலை தொடங்குகிறது. அதற்கு மேலே உள்ளது எத்தனை துண்டாக இருந்தாலும் அது ஒரே இலை.

மொட்டு கண்ணுக்குத் தெரியாத அளவு படம் மங்கலாக இருந்தால் நுனியைப் பாருங்கள். வளரும் கிளையின் நுனியில் ஒரு குருத்து இருக்கும்; அதை நெருங்க நெருங்க இலைகள் சிறியதாக, இளசாக, நிறம் வெளுத்தோ சிவந்தோ இருக்கும். கூட்டிலையின் நுனியில் குருத்து கிடையாது. சிற்றிலைகள் எல்லாம் ஒரே வயதில், ஒரே பச்சையில் இருக்கும். புங்கத்தில் பார்த்தால் நுனிச் சிற்றிலைதான் பெரும்பாலும் மற்றவற்றைவிடப் பெரியது. வளரும் கிளை ஒன்றில் அப்படி இருக்க வழியில்லை.

இதற்கு நேர் எதிரான ஏமாற்றும் உண்டு. கீழாநெல்லியைப் பாருங்கள். மெல்லிய காம்பு, இரு பக்கமும் சின்னச் சின்ன இலைகள், பார்வைக்குப் புளிய இலையைப் போன்ற ஒரு கூட்டிலை. ஆனால் படத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தால் ஒவ்வொரு சிறு இலையின் அடியிலும் ஒரு பூவோ, கடுகளவு காயோ தொங்கும். பூ இலைக்கோணத்திலிருந்துதான் வரும். சிற்றிலையின் அடியிலிருந்து வராது. ஆகவே அவை ஒவ்வொன்றும் தனி இலை; நாம் கூட்டிலை என்று நினைத்தது ஒரு சிறு கிளை. நெல்லி மரமும் இதே மாதிரிதான். புளியில் அப்படி எதுவும் தொங்காது. புங்கத்தையும் கீழாநெல்லியையும் அருகருகே வைத்து ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தப் படி மனதில் நின்றுவிடும்.

கூட்டிலை என்று முடிவானால், அது எந்த விதம் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். நடுக்காம்பின் இரு பக்கமும் சிற்றிலைகள் வரிசையாக இருந்தால் அது சிறகு வடிவக் கூட்டிலை: புங்கம், வேம்பு, புளி எல்லாம் இப்படி. நுனியில் தனியாக ஒரு சிற்றிலை நிற்கிறதா, ஜோடியோடு முடிகிறதா என்று பாருங்கள். புங்கத்தில் தனியாக ஒன்று நிற்கும். புளியில் ஜோடியோடு முடியும். எல்லாச் சிற்றிலைகளும் காம்பின் நுனியில் ஒரே புள்ளியிலிருந்து விரிந்தால் அது அங்கை வடிவக் கூட்டிலை: நொச்சி, இலவம் இப்படி. வில்வத்திலும் கல்யாண முருங்கையிலும் மூன்று சிற்றிலைகள். முருங்கைக்கீரையில் காம்பு கிளைத்து, அந்தக் கிளையும் கிளைத்துப் போகும்; அதன் ஒரு முழு இலை முழங்கை நீளம் கூட இருக்கும். நாம் உருவும் சின்னப் பச்சைத் துண்டு அதன் ஒரு சிற்றிலை மட்டும்தான்.

கணுவில் எத்தனை இலை?

சரி, இலை எது என்று தெரிந்துவிட்டது. இப்போது ஒரு கணுவில் எத்தனை இலை என்று எண்ணுங்கள். ஒன்று என்றால் மாற்றிலை அடுக்கம். இரண்டு, எதிரெதிராக என்றால் எதிரிலை அடுக்கம். மூன்றோ அதற்கு மேலோ என்றால் வட்ட அடுக்கம்.

எதிரிலை என்று உறுதியானால் தேடல் சட்டென்று சுருங்கிவிடும், ஏனென்றால் மாற்றிலைச் செடிகள்தான் பெரும்பான்மை. குப்பைமேனியையும் துளசியையும் சின்னப் படத்தில் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. இரண்டும் குட்டையான செடிகள், இரண்டிலும் பல் வைத்த சிறிய இலைகள். கணுவைப் பார்த்தால் போதும். துளசியில் கணுவுக்கு இரண்டு இலை. ஒரு ஜோடிக்கு மேலே வரும் ஜோடி அதற்குக் குறுக்காக நிற்கும். குப்பைமேனியில் கணுவுக்கு ஒன்றே ஒன்று. கீழே இருக்கும் இலைகளுக்குக் காம்பு நீளம், மேலே போகப் போகக் குட்டை. அதனால் மேலிருந்து பார்த்தால் ஒன்றையொன்று மறைக்காமல் பரவிக் கிடக்கும்.

அரளியும் அப்படியே. செவ்வரளியில் ஒரு கணுவில் பெரும்பாலும் மூன்று இலைகள் சுற்றி நிற்கும். மஞ்சள் அரளியில் இலைகள் ஒவ்வொன்றாக, சுருள்போல் தண்டைச் சுற்றி ஏறும். இரண்டுக்கும் நீண்டு குறுகிய இலைதான். பூ இல்லாத படத்தில் அடுக்கம்தான் முதலில் கைகொடுக்கும். ஏழிலைப்பாலையில் நான்கு முதல் ஏழெட்டு இலைகள் வரை ஒரே கணுவைச் சுற்றி நிற்கும். அதை அங்கை வடிவக் கூட்டிலை என்று நினைத்துவிடுவது எளிது. அங்கேயும் மொட்டுக் கேள்வியைக் கேளுங்கள்: எல்லா இலைக்கும் நடுவே தண்டு தொடர்ந்து மேலே போகிறதா, இல்லை ஒரு காம்பு வந்து அங்கே முடிகிறதா? தண்டு தொடர்ந்தால் வட்ட அடுக்கம். காம்பு முடிந்தால் கூட்டிலை.

படம் ஏமாற்றும் இடங்கள் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். மா, நாட்டு வாதுமை போன்ற மரங்களில் கிளை நுனியில் இலைகள் நெருக்கமாகக் குவிந்திருக்கும். பார்த்தால் வட்ட அடுக்கம் போலத் தெரியும். அப்போது குவியலுக்குக் கீழே, இலை உதிர்ந்த பகுதியைப் பாருங்கள். தண்டில் தழும்புகள் இருக்கும். அவை ஒவ்வொன்றும் வேறு வேறு உயரத்தில் இருந்தால் அது மாற்றிலை அடுக்கம்தான், கணுக்களுக்கு இடையே தூரம் குறைவு, அவ்வளவே. இன்னொன்று, படுக்கையாக நீளும் கிளைகள். கொய்யாவின் செங்குத்தான துளிரில் ஜோடிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்பது தெளிவாகத் தெரியும். பக்கவாட்டுக் கிளையில் காம்புகள் வெளிச்சத்துக்காகத் திரும்பிக்கொள்வதால் எல்லா இலைகளும் ஒரே தளத்தில் தட்டையாகப் படுத்துவிடும், சிறகு வடிவக் கூட்டிலையைப் போலவே. காம்பின் அடியில் உள்ள முறுக்கும் இலைக்கோண மொட்டும் உண்மையைச் சொல்லும்.

எதிரிலை உள்ள படத்தில் இன்னும் ஒரு இடத்தைப் பார்க்கும் பழக்கம் நல்லது. இரண்டு காம்புகளுக்கும் நடுவே, தண்டின் மேல், ஒரு சிறிய முக்கோணச் செதிலோ அது விழுந்த கோடோ தெரிகிறதா? தெரிந்தால், இலை விளிம்பிலும் பல் இல்லையென்றால், அது காப்பி, வெட்சி, நுணா ஆகியவை சேர்ந்த குடும்பமாக இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். இந்த ஒரு செதில் கிடைத்துவிட்டால் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. பூவே இல்லாமல் குடும்பம் வரைக்கும் போய்விடலாம்.

பறித்துத் தரையில் வைத்த ஒற்றை இலையின் படம் வந்தால் இந்தப் படி முழுவதும் போய்விடுகிறது. அப்போது ஊகிப்பதைவிட, கிளையோடு சேர்த்து இன்னொரு படம் கேட்பதே மேல்.

விளிம்பு

விளிம்பை முழுப்படத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெரிதாக்கி, இலையின் அடியிலிருந்து நுனி வரை ஒரு ஓரமாகவே கண்ணை ஓட்டிக்கொண்டு போங்கள். முதல் கேள்வி, பல் இருக்கிறதா இல்லையா என்பதுதான். பல் இல்லாத வழவழப்பான ஓரத்தை முழு விளிம்பு என்கிறோம்.

பல் வேறு, அலை வேறு. நெட்டிலிங்கத்தின் இலை ஓரம் மேலும் கீழுமாக நெளியும். தட்டையான படத்தில் அந்த நெளிவு வெட்டு வெட்டாகத் தெரிவதால் பல் என்று எழுதிவிடுகிறார்கள். நெளிந்த இலையை மேசைமேல் அழுத்தி நேராக்கினால் ஓரம் வழவழப்பாகிவிடும். பல்லுள்ள இலையை எவ்வளவு அழுத்தினாலும் பல் போகாது. படத்தில் அழுத்திப் பார்க்க முடியாது, ஆனால் நிழலைப் பார்க்கலாம். ஓரத்தில் வெளிச்சமும் நிழலும் மாறி மாறி வந்தால் அது நெளிவு.

பல் உண்டு என்றால், அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். ரம்பத்தின் பல்லைப் போல நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கலாம், நேராக வெளியே நீட்டலாம், அல்லது முனை மழுங்கி உருண்டிருக்கலாம். வேப்பஞ் சிற்றிலையில் பற்கள் நுனி நோக்கிச் சாயும். அதோடு சிற்றிலையின் அடியில் இரு பாதியும் சமமாக இருக்காது. ஒரு பாதி கீழே இறங்கியும் மறு பாதி மேலேறியும் இருக்கும். பல் எங்கே தொடங்குகிறது என்பதும் ஒரு தடயம். செம்பருத்தியில் அடிப்பகுதி ஓரம் வழவழப்பாகப் போய், மேலே போனபிறகுதான் பற்கள் கிளம்பும்.

ஓரம் சீராக அரை வட்டமாக வெட்டுப்பட்டிருந்தால் அது இலைவெட்டித் தேனீயின் வேலை. புழு கடித்தால் கோணல்மாணலாக இருக்கும், வெட்டிய இடம் பழுப்பேறும். இலையின் இரு பக்கமும், பக்கத்து இலையிலும் அதே இடத்தில் வருகிறதா என்று பார்த்தால் இது செடியின் குணமா, பூச்சியின் வேலையா என்று தெரிந்துவிடும்.

நரம்பு: தொடங்கும் இடமும் முடியும் இடமும்

நரம்பை மேல்பக்கப் படத்தில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அடிப்பக்கத்தில் நரம்புகள் புடைத்து நிற்கும். இன்னும் நல்லது, இலைக்குப் பின்னால் வெளிச்சம் வரும்படி பிடித்து எடுத்த படம். நுண்ணிய வலைகூட அதில் தெரியும்.

நீளவாக்கில் நரம்புகள் ஒன்றையொன்று வெட்டாமல் போனால் அது இணைப்போக்கு: புல், மூங்கில், நெல் எல்லாம் இப்படி. வாழையில் நடுநரம்பிலிருந்து பக்கவாட்டில் இணையாக ஓடும். வலை பின்னியிருந்தால் வலைப்பின்னல். ஒருவிதையிலைத் தாவரத்துக்கு இணைப்போக்கு, இருவிதையிலைக்கு வலைப்பின்னல் என்று பள்ளியில் படித்திருப்போம். அது பெரும்பாலும் சரி, ஆனால் சேம்பும் வள்ளிக்கொடியும் ஒருவிதையிலைத் தாவரங்களாக இருந்தும் நரம்புகளுக்கு நடுவே வலை பின்னியிருக்கும். அகன்ற இலைக் கொடி என்றால் இந்த விதியை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள்.

வலைப்பின்னல் என்று தெரிந்த பிறகு இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, காம்பு இலையைத் தொடும் புள்ளி. அங்கிருந்து ஒரே ஒரு தடித்த நரம்பு கிளம்பி, வழியில் பக்க நரம்புகளைப் பிரித்துவிட்டுக்கொண்டே போகிறதா? அது சிறகு வடிவ நரம்பு. மா, கொய்யா, நாவல். இல்லை, அந்தப் புள்ளியிலேயே மூன்று, ஐந்து, ஏழு என்று கிட்டத்தட்ட ஒரே பருமனில் நரம்புகள் விரிகின்றனவா? அது அங்கை வடிவ நரம்பு, ஆமணக்கு, பருத்தி. இலந்தையில் சரியாக மூன்று நரம்புகள் அடியிலிருந்து கிளம்பி நுனியை நோக்கி வளைந்து போகும். அடிப்பக்கம் வெண்மையாகவும் காம்படியில் முள்ளும் இருந்தால் இலந்தை என்பதில் சந்தேகம் குறைந்துவிடும்.

இன்னோர் இடம், பக்க நரம்பு ஓரத்தை நெருங்கும்போது என்ன செய்கிறது என்பது. பெரும்பாலானவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த தடயம். சில செடிகளில் நரம்பு நேராகப் போய்ப் பல்லின் நுனியில் முடியும். சிலவற்றில் ஓரத்தைத் தொடாமல் மேல்நோக்கி வளைந்து அடுத்த நரம்பைப் பிடித்துக்கொள்ளும். நாவலில் நெருக்கமான மெல்லிய பக்க நரம்புகள் எல்லாம் போய், விளிம்புக்குச் சற்று உள்ளே, விளிம்போடு சேர்ந்தே ஓடும் ஒரு கோட்டில் இணையும். எதிரிலை, முழு விளிம்பு, ஓரத்துக்கு உள்ளே அந்தக் கோடு: இந்த மூன்றும் சேர்ந்தால் மாவிலையோடு குழப்பமே வராது. மாவில் இலை மாற்றிலை அடுக்கத்தில் இருக்கும், பக்க நரம்புகள் தெளிவாக விலகி விலகி நிற்கும், அந்த ஓரக் கோடும் கிடையாது.

ஒரு படத்தை முழுதாகப் பார்ப்போம்: இதய வடிவ இலை

இப்போது ஒரு படம் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு துண்டுத் தண்டு, அதில் மூன்று இலைகள், மூன்றும் இதய வடிவம், பளபளப்பான பச்சை. பின்னணி மங்கல், எனவே மரமா கொடியா என்று தெரியவில்லை. வடிவத்தை மட்டும் பார்த்தால் மனதில் வரும் பெயர்கள்: அரசு, பூவரசு, வெற்றிலை, சீந்தில், துத்தி, குமிழ மரம். ஆறு பெயர்களையும் எழுதி வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

கணுவைப் பார்க்கிறோம். ஒவ்வொரு காம்பின் அடியிலும் மொட்டு இருக்கிறது, எனவே இவை தனி இலைகள். ஒரு கணுவில் ஒரே இலைதான். குமிழ மரத்தில் இலைகள் எதிரெதிராக இருக்கும். ஆகவே அது பட்டியலிலிருந்து போகிறது.

விளிம்பைப் பெரிதாக்குகிறோம். அடியிலிருந்து நுனி வரை ஒரு பல்கூட இல்லை. துத்தி இலையின் ஓரம் பல்லாக இருக்கும், இலையும் பளபளப்பாக இல்லாமல் மென்மையான முடியோடு மங்கலாகத் தெரியும். அதுவும் போகிறது.

மிஞ்சியவை நான்கு. இப்போது நரம்பு. காம்பு சேரும் புள்ளியை உற்றுப் பாருங்கள். அரச இலையில் அடியிலேயே ஒரு ஜோடி நரம்பு கிளம்பும், அதனால் அவசரத்தில் அங்கை வடிவம் என்று தோன்றலாம். ஆனால் நடுநரம்பு தனியாகத் தடித்து நிற்கும்; அதிலிருந்து நுனி வரை ஜோடி ஜோடியாகப் பக்க நரம்புகள் பிரிந்துகொண்டே போகும். அவை ஓரத்துக்குச் சற்று உள்ளே வளைந்து ஒன்றோடொன்று கைகோத்து ஒரு நெளிந்த கோட்டை உண்டாக்கும். நுனியில் வால் போன்ற நீண்ட கூர் இருக்கும். தண்டு தெரிந்தால் இன்னொரு உறுதி உண்டு: ஒவ்வொரு கணுவிலும் தண்டைச் சுற்றி ஒரு மெல்லிய வளையத் தழும்பு. குருத்தை மூடியிருந்த இலையடிச் செதில் விழுந்த இடம் அது. ஆல், அத்தி எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம்.

நம் படத்தில் அப்படி இல்லை. அடிப்புள்ளியிலிருந்து ஏழு நரம்புகள் விரிகின்றன. நுனிக் கூர் இருக்கிறது, ஆனால் வால் போல நீளவில்லை. எனவே அரசு போகிறது. மீதி மூன்றிலும் நரம்புகள் அடியிலிருந்தே விரியும், ஆகவே நரம்பு ஓரளவுக்குத்தான் உதவும். வெற்றிலையில் உள் ஜோடி நரம்புகள் பெரும்பாலும் அடிப்புள்ளிக்குச் சற்று மேலே நடுநரம்பிலிருந்து பிரியும், பிரிந்தவை நுனியை நோக்கி வளைந்து ஏறும். பூவரசிலும் சீந்திலிலும் எல்லாம் அடியிலிருந்தே விசிறிபோல் விரியும்.

இங்கே மறுபடியும் கணுவுக்கே திரும்ப வேண்டும். வெற்றிலைத் தண்டில் கணு தடித்திருக்கும், பற்றி ஏறும் தண்டானால் கணுவில் சிறு வேர்கள் இருக்கும். சீந்திலில் காம்பின் இரு முனையும், தண்டைத் தொடும் இடமும் இலையைத் தொடும் இடமும், சற்றே பருத்திருக்கும். முதிர்ந்த தண்டில் புள்ளி புள்ளியாக மேடுகள் இருக்கும். பூவரசின் இளந்தண்டிலும் காம்பிலும் இலை அடியிலும் மிக நுண்ணிய பழுப்புச் செதில்கள், தூள் தூவியதுபோல ஒட்டியிருக்கும். படத்தைப் பெரிதாக்கினால் காம்பு மேல் அந்தப் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. காம்பு முனையில் பருமன் இல்லை. கணுவில் வேர் இல்லை. பூவரசு என்று எழுதலாம்.

ஆனால் எழுதும்போது "பெரும்பாலும்" என்ற சொல்லைச் சேர்த்து எழுதுங்கள். பூவரசின் அதே குடும்பத்தில் நீர்ப்பருத்தி என்று ஒரு மரம் உண்டு. அதுவும் இதய வடிவம், மாற்றிலை அடுக்கம், அடியிலிருந்து விரியும் நரம்பு. இலை இன்னும் வட்டமாக இருக்கும், அடிப்பக்கம் நெருக்கமான முடியால் வெளுத்திருக்கும். காம்படியில் இலையடிச் செதில்கள் பெரியவை. மேல்பக்கத்தை மட்டும் காட்டும் படத்தில் இந்த வேறுபாடு கிடைக்காது. அடிப்பக்கம் தெரியாத படத்தை வைத்து இரண்டையும் உறுதியாகப் பிரித்தேன் என்று யாராவது சொன்னால், எதை வைத்துச் சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

படம் நீங்களே எடுப்பதானால்

ஒரே செடியில் நான்கு படம் போதும். மூன்று நான்கு கணுக்களாவது தெரியும்படி ஒரு கிளைத்துண்டு, காம்படியும் மொட்டும் நெருக்கத்தில், இலையின் அடிப்பக்கம், விளிம்பு தெளிவாகத் தெரியும்படி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்த ஓர் இலை. அளவு தெரிய பக்கத்தில் ஓர் அளவுகோலோ விரலோ இருக்கட்டும். நுனித் துளிரை விட்டுவிட்டு, அதற்குக் கீழே முழுதாக முதிர்ந்த இலையைத் தேர்ந்தெடுங்கள். மறுதளிராகக் கிளம்பிய வீரியமான தண்டுகளையும் தவிர்ப்பது நல்லது. அவற்றில் இலை அளவுக்கு மீறிப் பெரிதாகவும் மாறுபட்ட வடிவத்திலும் வரும். உடைத்த காம்பில் பால் வருகிறதா, கசக்கினால் என்ன மணம் என்பதைப் படம் சொல்லாது. தெரியாத செடியின் பால் தோலையும் கண்ணையும் பாதிக்கலாம், அதனால் கையில் படாமல் பார்த்து, அங்கேயே எழுதி வையுங்கள்.

தேடும்போது குறிப்பை ஒரே வரியில் வையுங்கள்: "தனி இலை, மாற்றிலை அடுக்கம், முழு விளிம்பு, அடியிலிருந்து ஏழு நரம்பு, காம்பில் பழுப்புச் செதில்." இப்படி எழுதிக்கொண்டு தாவர விளக்க நூலைத் திறந்தால் பக்கம் பக்கமாகப் படங்களை ஒப்பிட வேண்டியிருக்காது. விளக்கத்தில் உள்ள ஒரு குணமாவது உங்கள் படத்தோடு நேராக மோதினால், மற்ற எல்லாம் ஒத்துப்போனாலும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். எதிரிலை என்று நூல் சொல்கிறது, படத்தில் கணுவுக்கு ஒன்றுதான் என்றால் அது வேறு செடி.

இலை மட்டும் உள்ள படத்தால் பல நேரம் குடும்பம் அல்லது பேரினம் வரைதான் போக முடியும். அத்தி இனங்களில், புல்வகைகளில், பூக்காத குமுட்டிக் கொடிகளில் இது அடிக்கடி நேரும். பூவோ காயோ கிடைக்கும் வரை அங்கேயே நிறுத்தி வையுங்கள். சாப்பிடவோ மருந்துக்கோ என்று யாராவது கேட்டால், இலைப் படத்தை வைத்து ஒருபோதும் "ஆமாம், அதுதான்" என்று சொல்லாதீர்கள். மஞ்சள் அரளியும் செவ்வரளியும் கடும் நச்சு. அவற்றின் இலை பார்க்க எந்த ஆபத்தும் இல்லாத சாதாரண இலையாகத்தான் இருக்கும். செடியை நேரில் பார்த்து அறிந்தவர் ஒருவரிடம் பூவோடு காட்டிக் கேட்கச் சொல்லுங்கள்.